நாலு கம்ப்ரஸரும் ஒரே ராத்திரியில் சாகுமா?

வைகாசி முகூர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பெண் என் மைத்துனியின் மகள். விடிகாலை ஐந்தரை மணிக்கு நான் போய் இறங்கியபோது வாசலில் நாதஸ்வரக்காரர்கள் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் மீறி ஒரு சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது. தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டு யாரோ விடாமல் குலுக்குவதுபோல, அடியில் ஓர் உறுமலோடு.

குளிர்சாதனத் தொழிலில் இருபது வருஷம் இருந்துவிட்டு விலகியவன் நான். கல்யாண வீட்டில் ஒரு வாய் காபி குடிக்கும் முன் மெஷினைப் பார்க்கப் போகக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டது உண்டு. அந்தச் சத்தம் கேட்ட பிறகு அது முடியவில்லை. பின்பக்கம் போனேன்.

அங்கே ஏசியின் வெளி யூனிட்டுகள் நாலு, வரிசையாக. ஒவ்வொன்றும் எட்டரை டன். கூரைக்குள் குழாய் வைத்து மண்டபம் முழுக்கக் காற்று அனுப்பும் வகை. உள்ளே இருப்பவை ஸ்க்ரால் கம்ப்ரஸர்கள், மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டு உறுமிக்கொண்டிருந்தன, இரண்டு ஊமையாக நின்றன. ஓர் இளம் மெக்கானிக் கேஜ் மாட்டி உட்கார்ந்திருந்தார். மண்டப மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையில் கை வைத்திருந்தார்.

“சார், நாலு கம்ப்ரஸரும் போயிடுச்சுங்கிறார் தம்பி. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஐஸ் மாதிரி இருந்துச்சு சார்.”

நாலும் ஒரே ராத்திரியில் போகுமா? கம்ப்ரஸர் சாகும், சந்தேகமில்லை. ஒன்று சாகும், இடி விழுந்தால் இரண்டு சாகும். தனித்தனிக் குழாய், தனித்தனி கேஸ், தனித்தனி பெட்டி என்று இருக்கும் நாலு யூனிட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வியாதி வந்தால், நாலுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். பொதுவாக இருந்தது கரண்டு ஒன்றுதான்.

தம்பி அதையும் பார்த்திருந்தார். “வோல்டேஜ் கரெக்டா இருக்குண்ணே” என்று மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். ஆருக்கும் ஒய்க்கும் நடுவே 412, ஒய்க்கும் பிக்கும் 415, பிக்கும் ஆருக்கும் 410. குறை சொல்ல முடியாத எண்கள். ஆனால் இந்த வியாதி அந்த மீட்டரில் தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கு, அந்தக் கம்ப்ரஸருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கொசுவர்த்திச் சுருள் டப்பாவைப் பிரித்திருப்பீர்கள். சுருள்கள் இரண்டிரண்டாக, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு இருக்கும். ஸ்க்ரால் கம்ப்ரஸரின் நெஞ்சுக்கூடு அதுதான். இரும்பில் செய்த இரண்டு சுருள்கள், ஒன்றின் இடுக்கில் மற்றது. ஒரு சுருள் அசையாமல் இருக்கும். மற்றது வட்டமாக ஆடும். ‘சுழலும்’ என்று சொல்லாமல் ‘ஆடும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சல்லடையில் மாவு சலிக்கும்போது கைகள் சல்லடையை வட்டமாக ஆட்டுகின்றன, ஆனால் சல்லடை தன்னைத்தானே சுற்றிக்கொள்வதில்லை. வலது கை பிடித்த ஓரம் வலது கையிலேயேதான் இருக்கிறது. ஆடும் சுருளும் அப்படித்தான்.

அப்படி ஆடும்போது இரண்டு சுருள்களின் சுவர்களும் அங்கங்கே தொட்டுக்கொள்கின்றன. தொடும் இரண்டு இடங்களுக்கு நடுவே பிறை நிலா வடிவில் ஓர் அறை உண்டாகிறது. வெளி ஓரத்தில் வாய் திறந்து குளிர்ந்த கேஸை உள்ளே வாங்கிக்கொண்டு அந்த அறை மூடிக்கொள்ளும். ஆட்டம் தொடரத் தொடர, பிறை சுருளின் பாதையிலேயே நடு மையத்தை நோக்கி நகரும். போகப் போக இடம் குறுகும், கேஸ் நெருங்கும், அழுத்தம் ஏறும். இரண்டு மூன்று சுற்றில் மையத்துக்கு வந்து, அங்குள்ள ஓட்டை வழியாகச் சூடாகவும் அழுத்தமாகவும் வெளியே போய்விடும். பிஸ்டன் கம்ப்ரஸர்போல ஒரு மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே என்றில்லாமல் தொடர்ந்து நடப்பதால் அதிர்வு குறைவு, சத்தம் குறைவு.

யோசனை பழையது. லியோன் க்ரூ என்ற பிரெஞ்சுக்காரர் 1905-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இரண்டு சுருள்களின் சுவர்களும் கேஸ் கசியாதபடி அவ்வளவு நுட்பமாகப் பொருந்த வேண்டும். அப்படிச் செதுக்கும் எந்திரங்கள் அன்று இல்லை. 1983-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஏசிக்கான ஸ்க்ராலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1987-ல் அமெரிக்காவின் கோப்லேண்ட். காப்புரிமைக்கும் கடைக்கும் நடுவே எண்பது வருஷம் ஓடியிருந்தது.

இந்தப் பிறை அறையின் பயணத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சுருள் எதிர்ப்பக்கமாக ஆடினால் அறை மையத்தில் சின்னதாகப் பிறந்து, வெளியே நகர நகரப் பெரிதாகும். அழுத்துவதற்குப் பதில் விரிக்கிறது. மையத்து ஓட்டையில் இருக்கும் ஒருவழி வால்வு, வெளியே போன கேஸ் திரும்பி வராமல் மூடிக்கொள்கிறது. ஆக, அழுத்தவும் எதுவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. மோட்டார் ஓடும், சுருள் ஆடும், வேலை மட்டும் நடக்காது.

சத்தமும் அதிலிருந்துதான். சரியான திசையில் ஓடும்போது கேஸின் அழுத்தமும் ஆட்டத்தின் வேகமும் சேர்ந்து சுருள்களை ஒன்றோடொன்று பதமாக அணைத்துப் பிடிக்கின்றன. நடுவில் எண்ணெய்ப் படலம். தலைகீழாக ஓடும்போது அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. சுவர்கள் சாய்ந்து தொடுவதற்குப் பதில் தட்டிக்கொள்கின்றன, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2900 தடவை. நான் வாசலில் கேட்ட ஜல்லிச் சத்தம் அது.

பழைய பிஸ்டன் கம்ப்ரஸருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. தண்டு எந்தப் பக்கம் சுற்றினாலும் பிஸ்டன் மேலும் கீழும்தான் போகும், வால்வுகள் தங்கள் வேலையைச் செய்யும். ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் ஏசியில் ‘திசை’ என்று ஒன்று இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமலே தொழில் கற்றுக்கொண்டார்கள், நான் உள்பட. முதன்முதலில் ஸ்க்ரால் கைக்கு வந்தபோது அதைத் தலைகீழாக ஓட்டிவிட்டு, மெஷினே பழுது என்று திருப்பி அனுப்பத் தயாரானவன் நான். அதனால் தம்பியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, மோட்டார் ஏன் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும்?

ஊர்த் திருவிழாவில் கையால் தள்ளும் ராட்டினத்தைச் சுற்றி மூன்று பேர் முக்கோணமாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் இழுக்கிறார், அடுத்து இரண்டாமவர், அடுத்து மூன்றாமவர், மறுபடி முதலாமவர். ராட்டினம் ஒரு பக்கமாகச் சுற்றும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஆர், ஒய், பி என்ற மூன்று கம்பிகளும் அப்படி முறை வைத்து இழுப்பவைதான். ஒருவர் இழுத்து 150-ல் ஒரு பங்கு நொடி கழித்து அடுத்தவர் இழுப்பார். நொடிக்கு 50 சுற்று. இந்த முறையில் யாராவது இருவர் இடம் மாறி நின்றுவிட்டால் என்ன ஆகும்? முதலாமவர், மூன்றாமவர், இரண்டாமவர் என்று முறை திரும்பும், ராட்டினம் எதிர்ப்பக்கம் சுற்றும். எந்த இருவர் மாறினாலும் சரி. ஆனால் மூவரும் வரிசை கலையாமல் ஓரிடம் தள்ளி நின்றால் ஒன்றும் மாறாது. ஆர்-ஒய்-பி, ஒய்-பி-ஆர், பி-ஆர்-ஒய் மூன்றும் ஒரே சங்கிலிதான். இதனால்தான் மூன்று கம்பியையும் கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் சரியாக அமையும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

மல்டிமீட்டர் ஏன் ஏமாற்றியது என்பதும் இப்போது புரியும். ஒவ்வொருவரும் எவ்வளவு பலமாக இழுக்கிறார் என்பதைத்தான் அது அளக்கும். யாருக்குப் பின் யார் என்பது அதற்குத் தெரியாது.

தம்பியின் கேஜைப் பார்த்தேன். இரண்டு முள்ளும் 250-ஐ ஒட்டி நின்றன. உள்ளே இருப்பது ஆர்-410ஏ கேஸ். அந்தக் காலை நேரச் சூட்டில் மெஷின் ஓடாமல் கிடந்தால் அதன் அழுத்தம் அந்த அளவில்தான் இருக்கும். ஆனால் இது ஓடிக்கொண்டிருக்கும் மெஷின். ஓடுகிற மெஷினில் சக்‌ஷன் முள் இறங்க வேண்டும், டிஸ்சார்ஜ் முள் ஏற வேண்டும். கேஸ் கசிந்திருந்தால் இரண்டுமே குறைந்து நிற்கும். இங்கே கேஸ் நிறைவாக இருக்கிறது, யாரும் அதைத் தள்ளவில்லை.

“டாங் டெஸ்டர் போட்டுப் பாத்தீங்களா தம்பி?”

“பாத்தேண்ணே. ஏழு ஆம்ப்ஸ்தான் எடுக்குது. எப்பவும் பதினேழு எடுக்கும். அதான், உள்ள ஏதோ உடைஞ்சுபோச்சுன்னு...”

உடைந்தாலும் ஆம்பியர் குறையும் என்பது உண்மைதான், தம்பி சொன்னது பிழை இல்லை. சுமை இல்லாத மோட்டார் குறைவாகத்தான் கரண்டு எடுக்கும். ஆனால் சத்தம் அதிகம், ஆம்பியர் குறைவு, இரண்டு அழுத்தமும் சமம் என்ற மூன்றும் நாலு மெஷினிலும் ஒன்றாக வந்தால் உடைசலை நினைக்கும் முன் திசையை நினைக்க வேண்டும். குழாயைத் தொட்டுப் பார்த்தும் சொல்லலாம். நன்றாக ஓடும் கம்ப்ரஸரில் ஒரு குழாய் வியர்த்துக் குளிர்ந்திருக்கும், மற்றது கை வைத்தால் சுட்டுவிடும். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனாலே தெரியும். இங்கே இரண்டும் ஒரே சூடு.

ஊமையாக நின்ற இரண்டும் சாகவில்லை. மயங்கிக் கிடந்தன. ஸ்க்ராலின் மோட்டார் அதே இரும்புக் குடத்துக்குள்தான் இருக்கிறது. உள்ளே வரும் குளிர்ந்த கேஸ்தான் அதைக் குளிர்விக்கிறது. கேஸ் ஓட்டம் நின்றுவிட்டால், ஏழே ஆம்பியர் எடுத்தாலும் சூடு வெளியேற வழியில்லை. சில நிமிஷங்களில் காயிலுக்குள் பொதிந்திருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் விட்டுக்கொள்ளும். ஆறிய பிறகு தானாகச் சேர்ந்துகொள்ளும். அதற்கு அரை மணியும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இந்த இடைவெளியில் மீட்டர் வைத்துப் பார்க்கிறவர் ‘காயில் ஓப்பன்’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது, நல்ல கம்ப்ரஸர் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

தலைகீழாக ஓடியதால் கெட்டுப்போயிருக்குமோ என்று மேனேஜர் கேட்டார். கோப்லேண்டின் வழிகாட்டிக் குறிப்பில், தங்கள் மூன்று ஃபேஸ் ஸ்க்ரால் ஒரு மணி நேரத்துக்குள்ளாக எதிர்த்திசையில் ஓடினால் ஆயுளுக்குக் கெடுதல் இல்லை என்று இருக்கிறது. எல்லாத் தயாரிப்புக்கும் அதே கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நாள்கணக்கில் சூடாகி நின்று, ஆறி, மறுபடி சூடாகிக்கொண்டே இருந்தால் எந்தக் காயிலும் ஒருநாள் எரியும். இங்கே நாலும் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தொட்டிருக்கவில்லை. “உடனே நிறுத்துங்க” என்றேன். நிறுத்தினார்கள். நாதஸ்வரம் காதில் விழுந்தது.

ஆனால் உண்மையான புதிர் இனிமேல்தான். ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஐஸ் மாதிரி இருந்தது என்றாரே, யார் எப்போது கம்பியை மாற்றினார்கள்?

மேனேஜர் துண்டு துண்டாகச் சொன்னதைக் கோத்துத் தருகிறேன். மண்டபத்து ஜெனரேட்டர் பழுதுக்குப் போயிருந்தது. முகூர்த்தத்துக்காக வாடகை ஜெனரேட்டர் ஒன்று முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கியது. கேபிளைச் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் மாட்டிவிட்டு, லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டு லைட்டும் சீலிங் ஃபேனும் ஒரு ஃபேஸில் ஓடுபவை. வரிசை எப்படி இருந்தாலும் அவை எரியும், சுற்றும். ராத்திரி ஒன்பது மணிக்கு ரிசப்ஷன் நடக்கும்போது கரண்டு போனது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள். ஏசி உறுமியது, குளிரவில்லை.

மண்டபத்து எலக்ட்ரீஷியன் பழுத்த அனுபவஸ்தர். சத்தம் கேட்டதுமே, “ஃபேஸ் மாறிக் கெடக்கு” என்று சொல்லியிருக்கிறார். மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஏசி பேனலுக்கு உள்ளே வரும் மூன்று கம்பியில் இரண்டை மாற்றிப் போட்டார். பத்தே நிமிஷம். நாலு யூனிட்டும் குளிர ஆரம்பித்தன. மாப்பிள்ளை வீட்டார் அவருக்குச் சால்வை போர்த்தாத குறை. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

விடிகாலை நாலரைக்குக் கரண்டு வந்தது. சேஞ்ச் ஓவரைத் திருப்பினார்கள். ஐந்து மணிக்கு ஹாலைக் குளிர வைப்போம் என்று ஏசியைப் போட்டார்கள். மறுபடி உறுமல்.

எலக்ட்ரீஷியன் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், ஊசியைத் தப்பான இடத்தில் போட்டார். பிசகு ஜெனரேட்டர் கேபிளில் இருந்தது. அவர் மாற்றியதோ ஏசி பேனலில். அதனால் ஜெனரேட்டரில் ஓடும்போது இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரி ஆனது. லைன் கரண்டு வந்ததும், சரியான கரண்டு தப்பான பேனலுக்குள் நுழைந்தது. இந்த மாதிரி ‘ஒன்றில் ஓடும், ஒன்றில் ஓடாது’ என்ற கேஸ்கள்தான் ஆளை அலைக்கழிக்கும். மெக்கானிக் வரும் நேரத்தில் எந்தக் கரண்டு இருக்கிறதோ, அதைப் பொறுத்து மெஷின் நல்லதாகவோ கெட்டதாகவோ காட்சி தரும்.

எனக்கு இதை உறுதிசெய்தவர் சமையல் மாஸ்டர். காபிக்காகச் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கியபோது புலம்பிக்கொண்டிருந்தார்: “ராத்திரி முழுக்கப் புகை உள்ளதான் வந்துச்சுங்க. கண்ணைத் திறக்க முடியல. இப்பப் பாருங்க, ஜம்முனு வெளிய போவுது.” சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், மூன்று ஃபேஸ். இறக்கை வைத்த ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்று எதிர்ப்பக்கம் வரும். ஜெனரேட்டரில் புகையை உள்ளே தள்ளியிருக்கிறது, லைன் கரண்டில் வெளியே தள்ளுகிறது. அந்த ஃபேனின் கம்பியை யாரும் தொடவில்லை. ஆகவே லைன் கரண்டு பழையபடியே இருக்கிறது, தப்பு ஜெனரேட்டர் பக்கம். கிணற்று மோட்டாரிலும் இதே தடயம் கிடைத்திருக்கும், ஆனால் இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. தலைகீழாகச் சுற்றும் பம்ப் தண்ணீரைத் திருப்பி அனுப்புவதில்லை, பாதியும் குறைவுமாக அதே பக்கம்தான் தள்ளும். ‘மோட்டார் தேய்ஞ்சுபோச்சு’ என்று நினைத்துக்கொள்வார்கள்.

தம்பியின் பையில் ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டர் இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டு வரவழைத்தோம். அவரிடம் இருந்தது. உள்ளங்கையளவு பெட்டி, மூன்று நிறத்தில் மூன்று கிளிப். மூன்று ஃபேஸிலும் மாட்டினால், வரிசை சரியாக இருந்தால் ஒரு விளக்கு, திரும்பியிருந்தால் இன்னொரு விளக்கு. சேஞ்ச் ஓவரின் லைன் பக்கத்தில் வைத்தார், நேர்ச்சுற்று. ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டி அந்தப் பக்கம் வைத்தார், எதிர்ச்சுற்று. அவர் என்னைப் பார்த்து, “ராத்திரியே இதைப் பண்ணியிருக்கணும்ணே. பொண்ணு மாப்பிள்ளை மேடையில வேர்த்து நிக்கிறப்ப யோசிக்க ஓடல” என்றார். நியாயம்தான்.

‘சரியான வரிசை’ என்று ஆகாயத்திலிருந்து எதுவும் வருவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பியில் சிவப்பு, மஞ்சள், நீல டேப் சுற்றியிருப்பதை நம்பியும் பயனில்லை, டேப் சுற்றியவரும் மனிதர்தான். மண்டபத்தில் இருக்கும் எல்லா மோட்டாரும் லைன் கரண்டைப் பார்த்துத் திசை வைத்துப் பொருத்தப்பட்டவை. ஆகவே லைன்தான் இங்கே மணிக்கூண்டு. மற்றக் கடிகாரங்கள் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு வேலை பாக்கி. ஜெனரேட்டரை நிறுத்தி, அதன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன் டெர்மினலில் இரண்டு கம்பியை இடம் மாற்றுவது ஒன்று. மெயினை ஆஃப் செய்து, ராத்திரி ஏசி பேனலில் மாற்றியதைப் பழையபடி வைப்பது இன்னொன்று. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் மறுபடி பழைய கதைதான். இதை வாசிக்கிறவர்கள் திருப்புளியோடு கிளம்பிவிட வேண்டாம். 415 வோல்ட், தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்யக்கூடியது சத்தம் கேட்டதும் ஆஃப் செய்வதும், ‘நேற்று வரைக்கும் எந்தக் கரண்டில் ஓடியது, யார் எதைக் கழற்றினார்கள்’ என்று வருகிறவரிடம் சொல்வதும்தான்.

ஆறேகாலுக்கு ஏசியைப் போட்டார்கள். இரண்டு யூனிட் உடனே கிளம்பின. முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது, ஜல்லி இல்லை, ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும். தம்பியின் கேஜில் சக்‌ஷன் முள் 250-லிருந்து சரசரவென்று இறங்கி 120-ல் நின்றது. டிஸ்சார்ஜ் ஏறி 350-ஐத் தாண்டியது. டாங் டெஸ்டரில் 16 ஆம்பியர். தம்பி ஒரு சின்னப் பையனைப்போல அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மயங்கிக் கிடந்த இரண்டும் ஆறி எழ முக்கால் மணி நேரம் ஆனது. மாங்கல்ய தாரணத்துக்குச் சற்று முன்னால்தான் நாலும் சேர்ந்து ஓடின.

இவ்வளவையும் தடுத்திருக்கக்கூடிய ஒரு பொருள் நாலு யூனிட்டுக்குள்ளும் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு ரிலே. வரிசை திரும்பியிருந்தாலோ ஒரு ஃபேஸ் வராவிட்டாலோ கம்ப்ரஸரைக் கிளம்பவே விடாது, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். திறந்து பார்த்தால் நாலிலும் அந்த ரிலேயைத் தாண்டி ஒரு சின்ன ஒயர் முறுக்கி மாட்டியிருந்தது. ஜம்பர். பழைய ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஆடும்போதெல்லாம் ரிலே விட்டுக்கொண்டது, கல்யாணத்துக்குக் கல்யாணம் தொல்லை, யாரோ ஒருவர் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேலையைச் சரியாகச் செய்யும் காவல்காரனைக் குரைக்கிறான் என்று கட்டிப்போட்ட கதை. தம்பி ஜம்பர்களைப் பிடுங்கி எடுத்தார். ஒரு ரிலே செத்திருந்தது. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன.

உங்கள் வீட்டு ஏசிக்கு இதெல்லாம் வருமா? அநேகமாக வராது. வீட்டு ஏசி ஒரு ஃபேஸில் ஓடுவது. அதில் மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைக் கெபாசிட்டர் இணைப்பு முடிவுசெய்துவிடுகிறது. இன்வெர்ட்டர் ஏசியில் வெளியே எப்படிப்பட்ட கரண்டு வந்தாலும் உள்ளே இருக்கும் போர்டு அதைப் பிரித்துத் தனக்கு வேண்டிய வரிசையில் புதிதாக மூன்று ஃபேஸ் செய்துகொள்கிறது. ஒரு ஃபேஸ் ஸ்க்ராலில் மட்டும் ஓர் அபூர்வ விபத்து உண்டு. கரண்டு கண் சிமிட்டுவதுபோல அரை நொடிக்கும் குறைவாகப் போய் வந்தால், உள்ளே தேங்கிய அழுத்தம் சுருளைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் மோட்டாருக்கு மறுபடி உயிர் வந்து, அதே எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்துவிடும். ஆஃப் செய்து சில நிமிஷம் விட்டுப் போட்டால் சரியாகிவிடும், கம்பி எதையும் மாற்ற வேண்டாம்.

மற்றபடி இது மண்டபம், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, ஐஸ்கிரீம் கிடங்கு போன்ற இடங்களின் வியாதி. புது ஜெனரேட்டர் வந்த மறுநாள், டிரான்ஸ்பார்மர் மாற்றிய மறுநாள், பூமிக்கடியில் கேபிள் ஒட்டுப்போட்ட மறுநாள் தலைகாட்டும்.

சாப்பாடு முடிந்து பந்தி கலைந்தபோது மேனேஜர் ஏசியை நிறுத்தினார். நிறுத்திய கையோடு பின்பக்கத்திலிருந்து ‘கர்ர்’ரென்று ஒரு சத்தம், ஒரு நொடிக்கும் இரண்டு நொடிக்கும் நடுவே. அவர் முகம் வெளுத்துவிட்டது. “சார், மறுபடியும்...”

“ஒண்ணுமில்ல. நிக்கும்போது உள்ள இருக்கிற அழுத்தம் சுருளைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிவிடும். நல்ல கம்ப்ரஸரும் அப்படித்தான் நிக்கும்” என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. மறுபடி ஒருமுறை போட்டு, முள் இறங்குகிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்.